பிள்ளைகளின் படங்களைப் பதிவேற்றுகிறோம். அனுமதி யாரிடம் கேட்டோம்?

குத்தம்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறானாம். வேன் வந்து ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை. காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் நான் போய் உட்கார்ந்த பிறகுதான், "மாமா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று தன் அம்மாவின் போனை எடுத்துக் காட்டினான்.

வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குழு அது. அதில் ஒரு ஸ்டிக்கர் ஓடிக்கொண்டிருந்தது. மாலையும் ஜரிகைத் தொப்பியுமாக வாயைப் பிளந்து அழும் ஆறு வயதுப் பையனின் முகம். இவனேதான். 2018இல் இவனுடைய சுன்னத் விழா அன்று என் மச்சான் ஃபேஸ்புக்கில் போட்ட வீடியோவிலிருந்து வெட்டி எடுத்தது. ஏழு வருடம் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த வீடியோவை, ஃபேஸ்புக் "நினைவுகள்" என்று எடுத்துக் காட்ட, மச்சானும் "மாஷா அல்லாஹ், நேற்று நடந்தது போல இருக்கிறது" என்று எழுதி மறுபடி பகிர்ந்திருக்கிறார். அவருடைய நண்பர் பட்டியலில் வகுப்புத் தோழன் ஒருவனின் அத்தா இருந்தார். அவ்வளவுதான்.

மச்சான் உண்மையிலேயே திகைத்துப்போனார். "சந்தோஷத்துல போட்டதுதானே மச்சான், பெத்த பிள்ளை படத்தைப் போட யார்கிட்ட கேக்கணும்?" என்றார். அவர் கோபத்தில் கேட்டாலும் அது நியாயமான கேள்வி. நம் வீடுகளில் அகீகாவில் தொடங்கி, பிஸ்மில்லாஹ் ஓதும் நாள், சுன்னத், மக்தப் ஆண்டு விழா, குர்ஆன் முடித்த துஆ என்று ஒவ்வொன்றையும் பதிவேற்றுகிறோம். யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மிக அருகில் வந்து, கேட்கப்படாமலேயே போன ஒரு சம்பவம் நமக்குத் தெரியும். சென்னை யூடியூபர் இர்ஃபான் 2024 மே மாதம், தன் மனைவியின் வயிற்றில் இருக்கும் சிசு ஆணா பெண்ணா என்று துபாயில் பரிசோதித்து அறிந்ததை வீடியோவாக வெளியிட்டார். கருவின் பாலினத்தை வெளியிடுவது இந்தியாவில் தடை என்பதால் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில், பிரசவ அறையில் குழந்தையின் தொப்புள் கொடியைத் தானே வெட்டும் வீடியோ வந்தது. மறுபடி நடவடிக்கை. அந்தத் தனியார் மருத்துவமனை பத்து நாட்கள் புதிய நோயாளிகளைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. 50,000 ரூபாய் அபராதமும் போடப்பட்டது.

இரண்டு முறையும் அரசு கேட்டது என்ன? பாலினம் ஏன் வெளியானது, மருத்துவர் அல்லாதவர் கையில் கத்தரிக்கோல் எப்படி வந்தது என்பவைதான். பிறக்கும் முன்பே ஒரு குழந்தையின் வாழ்க்கை லட்சக்கணக்கானோருக்குக் காட்சியானது பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருக்கவும் முடியாது, அதற்குச் சட்டம் இல்லை. இர்ஃபானைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் லட்சக்கணக்கானோர் முன் செய்ததை நாம் இருநூறு, முந்நூறு பேர் முன் செய்கிறோம். பின்னாளில் சங்கடம் வருவதற்கு, நாம் பார்த்தபடி, இருநூறு பேரே போதும்.

சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2023இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளும் நிறுவனம் பெற்றோரின் அனுமதியைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் 2027இல்தான் முழுதாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒரு தனிமனிதர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் இச்சட்டம் பொருந்தாது என்கிறது. அதாவது, நிறுவனத்திடமிருந்து பிள்ளையைக் காக்கும் காவலாளியாகப் பெற்றோரை நிறுத்திய சட்டம், அந்தக் காவலாளியே கதவைத் திறந்துவிட்டால் ஒன்றும் சொல்வதில்லை. அனுமதி கொடுப்பவரும் நாம், படம் போடுபவரும் நாம்.

பிரான்ஸ் நாடு 2024 பிப்ரவரியில் இந்த இடைவெளியைத் தொட்டது. பிள்ளையின் உருவப்படம் மீதான உரிமையை அத்தாவும் அம்மாவும் சேர்ந்தே காக்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் அதில் ஈடுபடுத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், மற்றவர் சம்மதம் இல்லாமல் படம் போடக்கூடாது என்று ஒருவருக்கு நீதிபதி தடை போடலாம்.

பிள்ளையிடம் கேட்பதா என்று சிரிப்பவர்களுக்கு, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு சம்பவத்தை நினைவூட்டலாம். நபி (ஸல்) அவர்களிடம் பானம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அவர்கள் அருந்திய பிறகு முறைப்படி அது வலப்பக்கம் இருப்பவருக்குப் போக வேண்டும். வலப்பக்கம் இருந்தவர் ஒரு சிறுவர். இடப்பக்கம் இருந்தவர்கள் பெரியவர்கள். முதலில் பெரியவர்களுக்குக் கொடுக்கலாமா என்று நபியவர்கள் அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். அவர் விட்டுத்தர மாட்டேன் என்றார். பானம் அவர் கைக்கே கொடுக்கப்பட்டது. ஒரு மிடறு பானத்துக்கு இருந்த உரிமை அது. இதை வைத்து ஃபத்வா சொல்ல நான் ஆளில்லை. ஆனால் மச்சானின் கேள்விக்கு அன்றிரவு எனக்குத் தோன்றிய பதில் இதுதான். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு உட்கார்ந்து, இருப்பதை எல்லாம் துடைக்கத் தொடங்கினோம். இஷாவுக்குப் பிறகு தொடங்கிய வேலை நள்ளிரவு தாண்டியது.

முதலில், அறிமுகமில்லாத ஒருவர் பார்த்தால் என்ன தெரியும் என்று மச்சானின் பக்கத்தை வேறொரு கணக்கிலிருந்து திறந்து பார்த்தோம். பலரும் பயப்படுவது படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலைப் பற்றி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சாதாரணமாகப் பதிவேற்றும் படத்தில் அதை மற்றவர்கள் எடுக்க முடியாதபடி நீக்கிவிடுகின்றன (வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மட்டும் அது அப்படியே போகும்). எங்களைக் காட்டிக்கொடுத்தது கண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள். கேக்கில் "7" என்ற மெழுகுவர்த்தி, பதிவின் தேதி, முழுப் பெயருடன் வாழ்த்து: பிறந்த தேதி முழுசாகக் கிடைத்துவிட்டது. சட்டைப் பையில் பள்ளி முத்திரை. மொட்டை மாடி வீடியோவின் பின்னணியில் புதிய பேருந்து முனையக் கட்டடம். எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்பதை ஊர்க்காரர் யாரும் சொல்லிவிடுவார்கள். "வேனுக்கு வெயிட்டிங்" என்று காலை மணியோடு ஒரு படம். தனித்தனியாக எதுவும் ரகசியம் இல்லை. பத்து நிமிடத்தில் சேர்த்துப் பார்த்தபோது என் தங்கைக்குக் கை நடுங்கியது.

ஃபேஸ்புக் அமைப்புகளில் Limit past posts என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் இதுவரை 'பப்ளிக்' ஆகப் போட்ட பழைய பதிவுகள் எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிடும். பக்கத்தின் மேலே இருக்கும் கவர் படம் எப்போதும் எல்லோருக்கும் தெரியும். அதில் பிள்ளை படம் இருந்தால் தனியாக மாற்ற வேண்டும். சுன்னத் வீடியோவை நீக்கினோம். நீக்கியது உடனே அழியாமல் Trash பகுதிக்குப் போய் 30 நாள் இருக்கும். அங்கேயும் போய் அழித்தோம். அந்தப் பதிவை ஷேர் செய்திருந்த நன்னியின் பக்கத்தில் அது தானாகவே மறைந்தது. ஆனால் துபாயில் இருக்கும் பெரியத்தா வீடியோவை இறக்கிக்கொண்டு தன் பக்கத்தில் தனியாகப் போட்டிருந்தார். அவருக்கு போன் செய்துதான் எடுக்க வைத்தோம்.

எதிர்பாராதது யூடியூபில் கிடைத்தது. விழாவுக்கு வந்த வீடியோகிராபர், தன் வேலைக்கு மாதிரி காட்ட முழு வீடியோவையும் தன் சேனலில் வைத்திருந்தார், பையனின் பெயரைத் தலைப்பாகப் போட்டு. காசு கொடுத்து எடுத்த வீடியோ நம்முடையது என்று நினைக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. கேட்டதும் எடுத்துவிட்டார். மறுத்திருந்தால் யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். பதிவேற்றியவருக்கு 48 மணி நேர அவகாசம் தந்து, பிறகு நிறுவனமே பரிசீலிக்கும். கூகுள் தேடலில் வரும் படங்களுக்கும், 18 வயதுக்குக் கீழே என்றால் பிள்ளையோ பெற்றோரோ நீக்கக் கோரலாம். ஆனால் தேடலில் இருந்துதான் அது மறையும், படம் இருக்கும் தளத்தில் இருந்து அல்ல.

கூகுள் டிரைவ், போட்டோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. குளிக்கும்போது, சுன்னத்துக்குப் பின் மருந்து போடும்போது எடுத்த படங்கள் பல வீடுகளில் போனிலிருந்து தானாகவே அங்கே ஏறிவிடுகின்றன. குஜராத்தில் ஒரு பொறியாளர், தனக்கு இரண்டு வயதில் பாட்டி குளிப்பாட்டிய படத்தை டிரைவில் ஏற்றினார். 2023 ஏப்ரலில் அதைச் சிறார் ஆபாசம் என்று கருதி அவருடைய கணக்கையே கூகுள் முடக்கியது. அவருடைய மின்னஞ்சலும் தொழிலும் நின்றுபோய், 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பும் வரை விஷயம் போனது. அந்தப் படத்தில் இருந்த குழந்தையும் அவரே, பாதிக்கப்பட்டவரும் அவரே.

ஸ்டிக்கரை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் நினைத்தால் சுமார் இரண்டரை நாளுக்குள் எல்லோருக்கும் அழிக்கலாம். அதற்குள் சேமித்துக்கொண்டவர் போனில் அது இருக்கும். வகுப்பு ஆசிரியையிடம் தங்கை பேசினாள். அவர் பையன்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார், குழுவில் வருவது நின்றது. யார் யார் போனில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூன்று நாள் கழித்து அவன் பள்ளிக்குப் போனான்.

மீதமிருந்த படங்களை அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவனையே பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார் மச்சான். அவன் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வான் என்று நினைத்தோம். பெருநாளன்று நன்னி மடியில் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கட்டும் என்றான். கிரிக்கெட் கோப்பை இருக்கட்டும். மக்தபில் பரிசு வாங்கிய படத்தை எடுக்கச் சொன்னான். ஏன் என்று மச்சான் கேட்க வாயெடுத்து, கேட்காமல் அழித்தார்.

அவனுக்கு நான்கு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். அவளிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்பாள். அதனால் அவள் படங்கள் இப்போது நன்னி, பெரியத்தா, நான் உட்பட ஒன்பது பேர் உள்ள குடும்பக் குழுவில் மட்டும் வருகின்றன. குழுவின் விவரப் பகுதியில், இங்கிருந்து எதையும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று தங்கை எழுதி வைத்திருக்கிறாள். போன வாரம் பெரியத்தா மறந்துபோய் வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் அவரை எடுக்கச் சொன்னது அந்த எட்டாம் வகுப்புப் பையன்தான்.