ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஒரு ரீபூட்

“சர்வரில் கர்னல் அப்டேட் வந்திருக்கிறது. ரீபூட் செய்ய வேண்டும். அனுமதி தேவை.” கணினிப் பிரிவிலிருந்து மேலாளருக்குப் போகும் மின்னஞ்சல்களில் இந்த மூன்று வரிக்காரர்கள் அதிகம். பதிலும் அநேகமாக ஒன்றுதான்: “மாத முடிவு முடியட்டும், பார்க்கலாம்.” மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. எவ்வளவு நேரம் வேலை நிற்கும், செய்யாவிட்டால் என்ன ஆகும், கெட்டுப்போனால் எப்படித் திரும்புவது என்று எதுவும் சொல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் எதை முடிவு செய்வார்?

2022 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் இணையதளங்களுக்கு இடம் தரும் சேவை ஒன்றில் பணியாற்றிய மாக்ஸ் கெல்லர்மான் என்ற நிரலாளர், மார்ச் 7-ஆம் தேதி லினக்ஸ் கர்னலின் ஓட்டை ஒன்றை வெளியிட்டார். அதற்கு ‘டர்ட்டி பைப்’ என்று பெயர் வைத்தார். வாடிக்கையாளர்கள் இறக்கிய சுருக்கப்பட்ட லாக் கோப்புகள் திறக்க மறுக்கின்றன என்ற புகாரில் தொடங்கிய தேடல் அது. கோப்பின் கடைசிச் சில பைட்டுகள் ஏன் கெட்டுப்போகின்றன என்று துருவிக்கொண்டே போனவர், கர்னலுக்குள்ளேயே போய் நின்றார். படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில்கூட, சாதாரணப் பயனர் ஒருவர் எழுதிவிட முடியும் என்பது தெரியவந்தது. அப்படி எழுத முடிந்தால் ரூட் அதிகாரத்தைப் பிடிப்பது சுலபம். 5.8 முதலான கர்னல்களில் இந்த ஓட்டை இருந்தது. திருத்தங்கள் பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. ஆனால் மார்ச் 7 முதல் தாக்கும் நிரலும் எல்லோர் கையிலும் இருந்தது.

ஆர்டர்களும் பில்லிங்கும் ஒரே சர்வரில் ஓடும் ஒரு நடுத்தர நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உபுண்டு 20.04, கர்னல் 5.13.0-30. திருத்தம் உள்ள கர்னல் 5.13.0-35. சர்வரைக் கவனிப்பவர் எழுதும் கடிதம் இப்படித் தொடங்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, நம் ஆர்டர் சர்வரின் கர்னலில் வெளிப்படையாகத் தெரிந்துவிட்ட ஓட்டை ஒன்று உள்ளது. இதை வைத்து வெளியிலிருந்து யாரும் நேராக நுழைய முடியாது. ஆனால் இணையப் பக்கத்தின் வழியாகச் சிறிய இடம் கிடைத்தாலும், அங்கிருந்து முழு சர்வரையும் கைப்பற்றலாம். மார்ச் 13, ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை பராமரிப்பு நேரம் வேண்டுகிறேன். சேவை உண்மையில் நிற்கப்போவது சுமார் 40 நிமிடம். மீதி நேரம், தவறு நேர்ந்தால் திரும்பி வருவதற்கு.”

‘நேராக நுழைய முடியாது’ என்ற வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், பயமுறுத்தினால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று. ஆனால் ஆபத்தின் எல்லையைச் சொன்ன கடிதத்தைத்தான் அடுத்த முறையும் நம்புவார்கள்.

ரீபூட் எதற்கு என்று மேலாளர் கேட்பார். அப்டேட் செய்யும்போது புதிய கர்னல் வட்டில் `/boot` என்ற இடத்தில் போய் உட்காருகிறது. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். ரீபூட் ஆகும்வரை ஓட்டை அப்படியே இருக்கும். நிறுத்தாமலே ஒட்டுப்போடும் லைவ்பேட்ச் போன்ற வசதிகள் உண்டு, ஆனால் அவை தேர்ந்தெடுத்த திருத்தங்களுக்கு மட்டுமே. ரீபூட்டைத் தள்ளிப்போட உதவும், தவிர்க்க உதவாது.

இனி ஆபத்து. பெரும்பாலான கடிதங்கள் புதிய கர்னலைப் பற்றிக் கவலைப்படுகின்றன. உள்ளபடியே பயப்பட வேண்டியது ரீபூட்டைப் பற்றி. ஓராண்டாக நிற்காமல் ஓடும் சர்வரில் எவ்வளவோ கைவேலை நடந்திருக்கும். யாரோ அவசரத்தில் கட்டளையாகத் தட்டிய ஃபயர்வால் விதி கோப்பில் சேமிக்கப்பட்டிருக்காது. கையால் இணைத்த வட்டு `/etc/fstab`-இல் இருக்காது. பில்லிங் நிரல் தானாகத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்காது. இவையெல்லாம் எழாமல் போனால் பழி புதிய கர்னல் மேல் விழும். பழைய கர்னலுக்குத் திரும்பினாலும் அவை எழாது. குழப்பம் இரட்டிப்பாகும்.

அதனால் நல்ல கடிதத்தில் இரண்டு ரீபூட் இருக்கும். 2.15-க்கு முதலில் பழைய கர்னலிலேயே ஒரு ரீபூட். எல்லாம் எழுகிறதா என்று பார்த்து, எழாததைச் சரிசெய்த பிறகு, 2.40-க்குப் புதிய கர்னல். இப்போது ஏதாவது கெட்டால் காரணம் யாரென்று சந்தேகமில்லை. பெரிய சர்வர்கள் நினைவகத்தைச் சோதித்து எழவே சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்காதவர்தான் ‘ஐந்தே நிமிடம்’ என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வார்.

திரும்பி வரும் வழிக்கு வருவோம். உபுண்டுவில் பழைய கர்னல் அழிவதில்லை, தொடக்கப் பட்டியலான க்ரப்பில் அதுவும் இருக்கும். எனவே பழையதை நிரந்தரத் தேர்வாக வைத்து, புதியதை ஒரே ஒரு முறை மட்டும் தொடங்கச் சொல்லலாம். `/etc/default/grub` கோப்பில் இந்த இரண்டு வரிகள்:

```
GRUB_DEFAULT=saved
GRUB_CMDLINE_LINUX="panic=30"
```

முதல் வரியில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பை மாற்ற வேண்டும், இரண்டாவது வரியில் ஏதாவது இருந்தால் அழிக்காமல் சேர்க்க வேண்டும். பிறகு `update-grub` ஓட்டி, `grub-set-default` கட்டளையால் பழைய கர்னலைக் குறித்துவிட்டு, ரீபூட்டுக்குச் சற்று முன் இதைக் கொடுப்பார்கள்:

```
sudo grub-reboot "Advanced options for Ubuntu>Ubuntu, with Linux 5.13.0-35-generic"
```

புதிய கர்னல் தொடக்கத்திலேயே நிலைகுலைந்து விழுந்தால், 30 விநாடி கழித்துச் சர்வர் தானாக ரீபூட் ஆகும். அந்த முறை எழுவது பழைய கர்னல். விழாமல் அப்படியே உறைந்து நின்றால் தானாக எதுவும் நடக்காது. மின்சாரத்தைத் தொலைவிலிருந்தே அணைத்துப் போடும் வசதி வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் அறையில் ஓர் ஆள் வேண்டும். யார் அந்த ஆள் என்று கடிதத்தில் பெயரோடு இருக்க வேண்டும். இன்னொன்று: `/boot` எல்விஎம் அல்லது ரெய்டு அமைப்பின் மேல் இருந்தால், ‘ஒரு முறை மட்டும்’ என்ற குறிப்பை க்ரப்பால் அழிக்க முடியாமல் போகலாம். அப்போது மறுபடியும் புதியதையே தொடங்கும். 2.15 ரீபூட்டிலேயே இதைச் சோதித்துவிடலாம்.

கடிதத்தின் மிக முக்கியமான வரி, என் கணிப்பில், இதுதான்: “3.15-க்குள் பில் ஒன்று அச்சாகி, ஆர்டர் ஒன்று பதிவாகவில்லை என்றால், காரணம் தேடாமல் பழைய கர்னலுக்குத் திரும்புவேன்.” நள்ளிரவில் ‘இன்னும் பத்து நிமிடம்’ என்று தோண்டிக்கொண்டே போகும் ஆசை எல்லோருக்கும் வரும். மணி முன்பே எழுதப்பட்டிருந்தால் விவாதம் இல்லை. கர்னல் மாற்றம் பில்லிங் தரவைத் தொடுவதில்லை. எனவே திரும்புவதற்கு இன்னொரு ரீபூட் போதும், தரவை மீட்டெடுக்க வேண்டிய அவசியம் வராது. ஆனாலும் அன்றிரவு எடுத்த பேக்கப் சரியாக இருக்கிறதா என்று 2 மணிக்கே பார்த்துவிடுவது நல்லது. வட்டுக்கு எந்த ரீபூட் கடைசி ரீபூட் என்று யாருக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் மேலாளருக்கு இரண்டு வரி போதும்: சேவை எத்தனை மணிக்கு எழுந்தது, `uname -r` என்ன காட்டியது. 5.13.0-35-generic என்று காட்டினால் ஓட்டை அடைபட்டது. அந்த அஞ்சலை அனுப்பும் முன், `grub-set-default` கட்டளையில் புதிய கர்னலைக் குறிக்க மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்த மின்வெட்டுக்குப் பின் சர்வர் சத்தமில்லாமல் பழைய கர்னலில் எழும், ஓட்டையோடு.