சரிபார்க்க முடிகிற வாக்கியங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கும் பெண் ஒருவர், உடன் வேலை செய்பவரின் நடத்தை பற்றி மனிதவளத் துறைக்கு எழுத உட்காருகிறார். பல நாள் மனதில் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டுகிறது: “திரு. க. என்னை எப்போதும் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார். வேண்டுமென்றே என் வேலையைக் கெடுக்கிறார். அவருக்குப் பெண்கள் முன்னேறுவது பிடிக்காது. அவர் மீது கடும் நடவடிக்கை எடுக்கவும்.”

இதில் ஒரு வரிகூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இதைப் படிக்கும் மனிதவள அதிகாரியால் எதையுமே சரிபார்க்க முடியாது. அவர் க.வைக் கூப்பிட்டுக் கேட்பார். க. “அப்படியெல்லாம் இல்லை” என்பார். எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார்கள் என்று திருப்பிக் கேட்கக் கையில் ஒன்றும் இருக்காது. விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் பெண் செய்ய வேண்டியது, தன் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதை நான் கண்ணால் பார்த்தேனா, காதால் கேட்டேனா, இல்லை பார்த்ததை வைத்து நானாக முடிவுகட்டினேனா என்று பிரிப்பதுதான். ‘வேண்டுமென்றே’ என்பது முடிவு. ‘பெண்கள் முன்னேறுவது பிடிக்காது’ என்பதும் முடிவு. ‘எப்போதும்’ என்பதோ, ஒரே ஒரு நல்ல நாளைக் காட்டினாலே உடைந்துவிடும். இவற்றை எடுத்துவிட்டு எழுதினால் அதே கடிதம் இப்படி வரும்:

“மார்ச் 4, புதன்கிழமை காலை சுமார் 10.20 மணிக்கு சாம்பிள் அறையில், ஒரு பையருக்குப் போக வேண்டிய சாம்பிள் தாமதமானது பற்றி நானும் திரு. க.வும் பேசிக்கொண்டிருந்தோம். துணி ஒப்புதலை நான் ஒரு நாள் பிந்தி அனுப்பியிருந்தேன். அப்போது அவர் உரத்த குரலில், ‘உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது? வீட்டுக்குப் போ’ என்றார். கையிலிருந்த ஃபைலை மேஜை மேல் வீசினார். சாம்பிள் பிரிவு ஊழியர்கள் இருவர் அறையில் இருந்தார்கள். நான் பதில் சொல்லாமல் என் இருக்கைக்குத் திரும்பினேன்.

மார்ச் 9, திங்கள்கிழமை மாலை, பிரிவின் பொது ஷீட்டில் நான் மார்ச் 12 என்று பதிந்திருந்த சாம்பிள் அனுப்பும் தேதி, மார்ச் 16 என்று மாறியிருந்தது. மாலை 4.05 மணிக்குத் திரு. க.வின் கணக்கிலிருந்து மாற்றப்பட்டதாக ஷீட்டின் மாற்றப் பதிவு காட்டுகிறது. எனக்குத் தகவல் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியாது. சாம்பிள் 16ஆம் தேதிதான் கூரியரில் போனது.”

முதல் கடிதத்தைவிட இது அடங்கிய குரலில் இருக்கிறது. ஆனால் அதிகாரி இப்போது அந்த இரண்டு ஊழியர்களிடமும் கேட்கலாம், ஷீட்டைத் திறந்து பார்க்கலாம், கூரியர் ரசீதை எடுக்கலாம். ‘தகாத வார்த்தை பேசினார்’ என்று பூசி எழுதாமல், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தகாததா இல்லையா என்பதைப் படிப்பவரே பார்த்துக்கொள்வார். அதேபோல ‘அவர் மாற்றினார்’ என்று எழுதாமல் ‘அவர் கணக்கிலிருந்து’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. திறந்து கிடந்த கணினியில் வேறொருவர் கை வைத்திருக்கலாம். தெரிந்த அளவோடு நின்றால் கடிதத்தை யாரும் அசைக்க முடியாது.

துணி ஒப்புதலைப் பிந்தி அனுப்பியதைத் தானே எழுதியது பலருக்கு உறுத்தும். நம் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும்? விசாரணை என்று வந்தால் எதிர்த் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. அதனால் இந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் பெரும்பாலும் க.வுக்குத் தெரியவரும். அவர் முதலில் சொல்லப்போவது அந்தத் தாமதத்தைத்தான். கடிதத்திலேயே அது இருந்தால், தாமதம் ஒரு பக்கம், ஃபைலை வீசியது இன்னொரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாக நிற்கும். மறைத்துப் பிறகு வெளியே வந்தால், மற்ற உண்மைகளின் மீதும் சந்தேகம் விழும்.

சாட்சிகளைப் பற்றி எழுதும்போது, அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதோடு நிறுத்த வேண்டும். ‘அவர்களும் என் பக்கம்தான்’ என்று அவர்களுக்காக நாம் பேசக் கூடாது. அவர்களுக்கும் அங்கேதான் பிழைப்பு.

கடைசிப் பத்தியில் தண்டனை கேட்பதைவிட, நடக்க வேண்டியதைக் கேட்பது பயன் தரும். இந்த இரண்டு நிகழ்வுகளையும் விசாரிக்க வேண்டும், பொது ஷீட்டில் தேதி மாறினால் சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் வர வேண்டும், கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டால் போதும். வேலையை விட்டு நீக்குங்கள் என்று எழுதினால், பேச்சு நடத்தையை விட்டு உங்கள் நோக்கத்தின் பக்கம் திரும்பிவிடும்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் சட்டமும் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. ஆனால் ஒருவர் மீது அதிகாரம் உள்ளவரிடம் அவரைப் பற்றி நல்லெண்ணத்தோடு முறையிடுவதை அதே பிரிவு விலக்காக வைத்திருக்கிறது. மனிதவளத் துறைக்குப் போகும் அளவான கடிதத்துக்கு அது துணை நிற்கும். அதே கடிதத்தைப் பிரிவு முழுவதற்கும் நகல் போட்டாலோ, வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தாலோ அந்தத் துணையை நம்ப முடியாது. ஆதாரம் என்று நிறுவனத்தின் ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வதும் ஆபத்து. அது உங்கள் மீதே ஒழுங்கு நடவடிக்கையாகத் திரும்பலாம். எந்த ஷீட், எந்த நேரம் என்று குறிப்பிட்டால் அவர்களே எடுத்துப் பார்ப்பார்கள். மொட்டைக் கடிதமும் இந்த விஷயத்தில் உதவாது, மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க ஆள் இருக்காது.

நடந்தது பாலியல் தொல்லை என்றால் வழி வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள பணியிடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர் நிகழ்வுகள் என்றால் கடைசி நிகழ்விலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். மனிதவளத் துறையோடு பேசிக்கொண்டே இருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடக் கூடாது. நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் தந்தவரைத் தண்டிக்க முடியாது என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது.

மனிதவளத் துறையினரும் நிறுவனத்தின் ஊழியர்கள்தான். விஷயம் பெரிதாகாமல் முடிந்தால் நல்லது என்றுதான் முதலில் நினைப்பார்கள். “எதுக்குங்க எழுத்துல எல்லாம், பேசி முடிச்சுக்கலாமுங்க” என்று அழைப்பு வரலாம். போய்ப் பேசுவதில் தவறில்லை. ஆனால் திரும்பி வந்த அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும்: “இன்று காலை 11 மணிக்குப் பேசியதில், திரு. க.விடம் விசாரித்து ஒரு வாரத்துக்குள் எனக்குத் தெரிவிப்பதாகச் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் திருத்தவும்.” அதற்குப் பிறகும் ஏதாவது நடந்தால், பழைய கதையைத் திரும்ப எழுதத் தேவையில்லை. முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, புதிதாக நடந்ததை மட்டும் அதே முறையில் எழுதி அனுப்பினால் போதும்.