வாங்கும் முன் என்ன தயக்கம் இருந்தது?

ஒரு வேலையில் திருப்தியடைந்த வாடிக்கையாளர் தரும் சின்ன நற்சான்று, அதே வேலைக்காக யோசித்துக்கொண்டிருக்கும் அடுத்தவர் படிப்பதற்கானது. ஆனால் கேட்டு வாங்கும் நற்சான்றுகளில் பெரும்பாலானவை "நல்லா செஞ்சு கொடுத்தாங்க, சூப்பர் சர்வீஸ்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. தச்சு வேலைக்கும் இது பொருந்தும், தையல் கடைக்கும் பொருந்தும். கடையின் பெயரை மாற்றி வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்குமென்றால், அதைப் படிப்பவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். தவறு எழுதியவருடையது அல்ல. "நம்மளப் பத்தி ரெண்டு வரி எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டால், எதை எழுதுவது என்ற கேள்வியையும் அவர் தலையிலேயே கட்டியதாகிறது. எழுத்துப் பழக்கம் இல்லாதவர் தள்ளிப்போடுவார். பழக்கம் உள்ளவர் மரியாதைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுவார். கூடவே மூன்று, நான்கு கேள்விகளைக் கொடுத்தால் அந்தச் சுமை குறைகிறது.

வீட்டு மாடியில் சோலார் பேனல் அமைத்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் 3 கிலோவாட் அமைப்பு போட்டிருக்கிறார். பேனல் மாட்டி முடிந்த அன்றே நற்சான்று கேட்கத் தோன்றும். அன்று அவரால் சொல்ல முடிந்ததெல்லாம் ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள், சுத்தமாக வேலை பார்த்தார்கள் என்பதுதான். அவர் பணம் போட்டது மின்கட்டணம் குறைவதற்காக. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், நெட் மீட்டர் பொருத்திய பிறகு முழுதாக ஒரு கணக்கீடு முடிந்து பில் கைக்கு வரும் நாள்தான் கேட்க ஏற்றது. எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு நாள் உண்டு. கல்யாண ரவிக்கை தைத்தவருக்கு அது முகூர்த்தம் முடிந்த வாரம். மாடிக் கசிவை அடைத்தவருக்கு முதல் பெருமழைக்கு மறுநாள்.

கேட்கும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். நெட் மீட்டர் போட்டப்புறம் முதல் பில் வந்திருக்கும்னு நினைக்கிறேன். உங்க அனுபவத்த நாலு வரியில சொன்னா, சோலார் போடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவியா இருக்கும். எழுத சிரமமா இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, போதும். போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன தயக்கம் இருந்துச்சு? போட்டப்புறம் என்ன மாறியிருக்கு? வேலை நடந்தப்போ ஞாபகத்துல நிக்கிற விஷயம் ஏதாவது இருக்கா? உங்க சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்வீங்க? எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்னு இல்ல சார்."

இந்த நான்கில் முதல் கேள்விதான் உயிர். நற்சான்றுக்கான கேள்விகளைப் பற்றி எழுதிய ஷான் டிசூசா என்ற வணிக எழுத்தாளரும், வாங்கவிடாமல் தடுத்திருக்கக்கூடிய காரணம் எது என்பதையே முதல் கேள்வியாக வைக்கிறார். அதற்குக் காரணம் எளிது. வாங்கலாமா என்று யோசிப்பவரின் மனத்தில் இருப்பது பாராட்டு அல்ல, பயம். மாடியில் துளை போட்டால் தளம் ஒழுகுமோ, காற்றில் பேனல் பெயர்ந்துவிடுமோ, அரசு மானியம் வந்து சேருமோ என்று அவர் தவித்துக்கொண்டிருப்பார். அதே பயத்தோடு இருந்த ஒருவர், அது என்னவாயிற்று என்று சொல்லும்போதுதான் அவர் காது கொடுக்கிறார். பாராட்டை மட்டும் கேட்டால் இந்தப் பகுதி வெளியே வருவதே இல்லை. திருப்தி வந்த பிறகு பழைய தயக்கத்தை மனிதர் மறந்துவிடுவார், யாராவது கேட்டால்தான் நினைவு வரும்.

கேள்வியின் அமைப்பும் முக்கியம். "எங்கள் சேவை சிறப்பாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமா" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "பில் பாதியாகக் குறைந்ததா?" என்பது பதிலை அவர் வாயில் ஊட்டிவிடும் கேள்வி. என்ன, எப்போது, எப்படி என்று தொடங்கும் கேள்விகளுக்கே நிகழ்ச்சியும் எண்ணும் பதிலாக வரும். பத்து கேள்வி அனுப்பினால் அது படிவமாகிவிடும். திறந்து பார்த்தவர் அப்புறம் செய்யலாம் என்று மூடிவிடுவார்.

ஆசிரியரிடமிருந்து இப்படி ஒரு குரல் பதிவு வருவதாக வைத்துக்கொள்வோம்: "பயம்னா... மாடிதான் தம்பி. நாலு வருஷம் முன்னாடிதான் தளம் ஒழுகி சரி பண்ணினோம். திரும்ப ஓட்ட போட்டா என்ன ஆகும்னு என் வீட்டம்மா ஒத்துக்கவே இல்ல. நீங்க தளத்துல துளை போடாம மேல கான்கிரீட் பிளாக் வச்சு மாட்டினீங்க. இந்த மழைக்கு ஒண்ணும் ஆகல. பில்லு முன்னாடி அஞ்சாயிரம் கிட்ட வரும், இப்ப ஆயிரத்து முந்நூறு. மானியம்தான் கொஞ்சம் லேட்டாச்சு, ஆனா வந்துடுச்சு."

இதைச் சுருக்கும்போது வார்த்தைகளை வெட்டலாம், வரிசையை மாற்றலாம். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. "நாலு வருஷம் முன்னாடி மாடி ஒழுகி சரி பண்ணினோம். திரும்ப துளை போட்டா என்ன ஆகும்னு வீட்டம்மா ஒத்துக்கல. துளை போடாம கான்கிரீட் பிளாக் மேல மாட்டினாங்க. இந்த மழைக்கு ஒண்ணும் ஆகல. அஞ்சாயிரம் கிட்ட வந்த பில்லு இப்ப ஆயிரத்து முந்நூறு. மானியம் லேட்டாச்சு, ஆனா வந்துடுச்சு" என்பது போதும். 'வீட்டம்மா' என்ற சொல்லை 'குடும்பத்தினர்' என்று திருத்தினால் அந்த மனிதரின் குரல் போய்விடும். மானியம் தாமதமானது என்ற வரியை நீக்கவே கை துடிக்கும். அதை விட்டுவைப்பதே நல்லது. சின்னக் குறையையும் சொல்பவரின் பில் கணக்கைத்தான் படிப்பவர் நம்புவார். ஒருவேளை பதிலில் பெரிய குறை ஒன்று வெளிப்பட்டால், நற்சான்றை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சுருக்கியதை அவருக்கே அனுப்பி, "இப்படிப் போடலாமா சார்? பேரும் ஊரும் போடலாமா, ஊர் மட்டும் போதுமா?" என்று கேட்டு, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது முறை. பில்லின் படத்தைச் சேர்ப்பதானால் மின் இணைப்பு எண்ணையும் முகவரியையும் மறைக்க வேண்டும். நிறுவனமே எழுதி அவரிடம் ஒப்புதல் மட்டும் வாங்குவது எளிய வழியாகத் தோன்றும். அப்படி எழுதிய நற்சான்றுகள் எல்லாம் ஒரே நடையில் இருப்பதை, நாலைந்தைச் சேர்த்துப் படிப்பவர் கண்டுகொள்வார். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டுதல்கள், பரிந்துரை என்பது சொல்பவரின் உண்மையான, அண்மைக்காலக் கருத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்கின்றன. நற்சான்றுக்குக் கைமாறாகத் தள்ளுபடி தருவதும் சிக்கலே. கூகுளில் இடும் மதிப்புரைகளுக்கு எந்தச் சன்மானமும் தரக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் விதி.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் கேட்டால் தொந்தரவு. வெளியிடும்போது மாதம், ஆண்டு, எத்தனை கிலோவாட் என்ற விவரமும் கூடவே இருக்கட்டும். வெயில் கொளுத்தும் மாதங்களின் பில்லும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கால பில்லும் ஒன்றல்ல. வீட்டுக்கு வீடு ஏசி ஓடும் நேரமும் வேறு. தேதி இருந்தால் படிப்பவர் தன் வீட்டுக் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கட்டண விகிதம் மாறியதும் பழைய எண்கள் பொருந்தாமல் போகும். அப்போது அதே ஆசிரியரிடம் இரண்டாவது கேள்வியை மட்டும் மறுபடி கேட்டால் போதும்.