சதுர அடிக்கு எவ்வளவு?

கிரகப்பிரவேசத்துக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன்பே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சதுர அடிக்கு எவ்வளவு ஆச்சு?" வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை மனதில் குறித்துக்கொண்டு, தன் மனையில் வரப்போகும் வீட்டின் பரப்பால் அதைப் பெருக்கி, அந்தத் தொகைக்கு வங்கிக் கடனும் கேட்டுவிடுவார். பாதி வீட்டில் பணம் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான் தொடங்குகிறது.

பெருக்கும் முறையில் தவறு இல்லை. வரைபடம் போடும் முன்பு, செங்கல்லையும் கம்பியையும் எண்ணிப் பார்க்க வழியில்லாத நேரத்தில், ஏற்கெனவே கட்டிய கட்டடத்தின் செலவை ஓர் அளவால் வகுத்து, புதிய கட்டடத்தின் அளவால் பெருக்குவதுதான் தோராய மதிப்பீடு. அரசும் அப்படித்தான் செய்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறை, பள்ளி, மருத்துவமனை, விடுதி, குடியிருப்பு என்று கட்டட வகைவாரியாக ஒரு சதுர மீட்டருக்கான விலைகளைப் 'பிளிந்த் ஏரியா ரேட்' என்ற பெயரில் வெளியிடுகிறது. வகுக்கும்போது மேலே எதை வைத்தோம், கீழே எதை வைத்தோம் என்று பார்க்காமல் விடுவதில்தான் தவறு இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். உறவினர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 40-க்கு 60 அடி மனையில் 30-க்கு 40 அடியில் தரைத்தளம் மட்டும் கட்டினார். மொத்தச் செலவு 30 லட்சம். 1,200 சதுர அடியால் வகுத்தால் 2,500 ரூபாய். இப்போது நீங்கள் 30-க்கு 40 அடி மனையில், 20-க்கு 30 அடியில் சின்னதாக ஒரு வீடு கட்டப்போகிறீர்கள். 600 சதுர அடி. 2,500 ரூபாயால் பெருக்கினால் 15 லட்சம்.

முதலில் கீழே உள்ள எண்ணைப் பார்ப்போம். 1,200 என்பது வெளிச்சுவரின் வெளி ஓரம் வரை அளந்த பரப்பு. இதைத்தான் பிளிந்த் ஏரியா என்கிறோம். சுற்றிலும் ஒன்பது அங்குலச் சுவர் என்றால் உள்ளே இருப்பது இருபத்தெட்டரைக்கு முப்பத்தெட்டரை அடி, அதாவது ஏறக்குறைய 1,097 சதுர அடி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியா இந்த வகைதான்: வெளிச்சுவர் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். அதே 30 லட்சத்தை 1,097-ஆல் வகுத்தால் 2,735 ரூபாய் வருகிறது. ஒரே வீடு, ஒரே செலவு, இரண்டு விலை. போர்டிகோவை முழுதாகச் சேர்ப்பதா, பாதியாகச் சேர்ப்பதா என்பதும் காண்ட்ராக்டருக்குக் காண்ட்ராக்டர் மாறும். ஆகவே விலையைக் கேட்கும்போது எந்தப் பரப்புக்கு என்று கேட்காவிட்டால் அந்த விலைக்குப் பொருளே இல்லை. நம் கணக்கில் இரு வீட்டுக்கும் பிளிந்த் ஏரியாவையே வைத்துக்கொள்வோம்.

அடுத்து மேலே உள்ள 30 லட்சம். உறவினரிடம் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினால், அதில் 6 லட்சம் வீட்டுக்கு வெளியே போயிருப்பது தெரிகிறது. 200 அடி காம்பவுண்டு சுவருக்கு அடிக்கு 1,200 வீதம் 2.4 லட்சம், போர்வெல்லும் மோட்டாரும் 1.5 லட்சம், செப்டிக் டேங்க் 70 ஆயிரம், சம்ப் 80 ஆயிரம், அனுமதிக் கட்டணமும் மின் இணைப்பும் 60 ஆயிரம். வீடு பாதியானால் போர்வெல்லின் ஆழம் பாதியாகாது. காம்பவுண்டு சுவரின் நீளத்தை முடிவுசெய்வது மனையே தவிர வீடு அல்ல. இவற்றைச் சதுர அடி விலைக்குள் கலந்ததுதான் முதல் பிசகு. அரசின் முறையிலும் கட்டடத்துக்கு அடிப்படை விலை ஒன்று. கட்டடத்துக்கு வெளியே வரும் வேலைகள் தனிக் கணக்கு.

வீட்டுக்கு மட்டும் ஆன 24 லட்சத்தை 1,200-ஆல் வகுத்தால் 2,000 ரூபாய். இதையும் அப்படியே 600-ஆல் பெருக்க முடியாது. 30-க்கு 40 வீட்டின் சுற்றளவு 140 அடி. 20-க்கு 30 வீட்டின் சுற்றளவு 100 அடி. பரப்பு பாதியானது, வெளிச்சுவர் பாதியாகவில்லை. ஒவ்வொரு சதுர அடித் தரையும் முன்னைவிட 43 சதவீதம் அதிகச் சுவரைச் சுமக்கிறது. சமையலறையும் அப்படித்தான்: வீடு சிறிதானாலும் மேடை ஒன்று, தொட்டி ஒன்று, குழாய் இணைப்பு ஒன்று.

அதனால் 24 லட்சத்தை மூன்றாகப் பிரிக்கலாம். அஸ்திவாரம், பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்த்து வெளிச்சுவருக்கு 5.6 லட்சம். இதை 140 அடியால் வகுத்தால் ஓர் அடி நீளத்துக்கு 4,000 ரூபாய். ஒரு சமையலறை, இரண்டு குளியலறைகளுக்கு 3 லட்சம், அதாவது அறைக்கு ஒரு லட்சம். மீதி 15.4 லட்சம் கூரை, தரை, உள்சுவர், கதவு, ஒயரிங் போன்றவை. இவை ஏறக்குறைய பரப்போடு கூடிக் குறைவதால் சதுர அடிக்கு 1,283 ரூபாய்.

உங்கள் வீட்டுக்கு இப்போது பெருக்கலாம். வெளிச்சுவர் 100 அடிக்கு 4 லட்சம். ஒரு சமையலறை, ஒரு குளியலறைக்கு 2 லட்சம். மீதி 600 சதுர அடிக்கு 7.7 லட்சம். வீடு 13.7 லட்சம். வெளியே, உங்கள் மனைக்கு 140 அடி காம்பவுண்டு சுவர் 1.68 லட்சம், போர்வெல் முதல் மின் இணைப்பு வரை பழைய 3.6 லட்சம் அப்படியே. மொத்தம் ஏறக்குறைய 19 லட்சம். இது இரண்டு ஆண்டுக்கு முந்தைய விலை. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாக வைத்தால் 21 லட்சத்தை நெருங்குகிறது. மத்தியப் பொதுப்பணித் துறை இதைக் குறியீட்டெண்ணால் செய்யும்: அடிப்படை ஆண்டு விலையை 100 என்று வைத்து, இன்றைய எண் 110 என்றால் 1.1-ஆல் பெருக்கும்.

15 லட்சம் என்று நினைத்தது 21 லட்சம் ஆகிறது. சதுர அடிக்குப் பார்த்தால் 2,500 இப்போது 3,500. உங்கள் மேஸ்திரி 3,500 என்று சொன்னால், உறவினரைவிட ஆயிரம் ரூபாய் கூட வாங்குகிறார் என்றுதான் தோன்றும். கணக்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அந்த ஆயிரத்தில் கொள்ளை இல்லை என்பது விளங்கும்.

இவ்வளவு பிரித்தும் இந்த முறைக்குத் தெரியாத ஒன்று உண்டு: மண். உறவினர் வீடு செம்மண்ணில் நிற்க, உங்கள் மனை கரிசலில் இருந்தால், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அந்த மண்ணுக்கு அஸ்திவாரம் வேறாகும். வெளிச்சுவர் அடிக்கு 4,000 ரூபாய் என்ற கணக்கு அங்கே செல்லாது. பள்ளமான மனையை நிரப்பும் மண்ணும், லாரி நுழையாத சந்தும் அப்படித்தான். ஒரே வீட்டின் கணக்கை நம்பாமல், அதே ஊரில் அண்மையில் கட்டிய மூன்று நான்கு வீடுகளை இதேபோலப் பிரித்துப் பார்த்தால், சுவர் விலை எந்த வீட்டில் தனித்து எகிறி நிற்கிறது என்று தெரியும். அங்கே மண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

அதனால் 21 லட்சம் என்று ஒரே எண்ணை எழுதிக்கொள்ளாமல், 19 முதல் 24 வரை என்று எழுதிக்கொள்வது நல்லது. 24 லட்சம் தாங்காது என்றால் இரண்டாவது படுக்கையறையை இப்போதே, காகிதத்திலேயே விட்டுவிடலாம். தாங்கும் என்றால் இன்ஜினியரிடம் போய் வரைபடம் போடச் சொல்லலாம். வரைபடமும் மண் பரிசோதனையும் கைக்கு வந்ததும், கம்பி, சிமென்ட், செங்கல் என்று அளவெடுத்துப் போடும் மதிப்பீடு தொடங்கும். சதுர அடிக் கணக்கின் வேலை அதோடு முடிந்தது.