இராகு–கேது மீள்வருகை

இராகு–கேது மீள்வருகை என்பது, ஒருவர் பிறந்தபோது இராகுவும் கேதுவும் இராசி மண்டலத்தில் நின்ற அதே பாகைக்கு அவை சுற்றி வந்து சேரும் காலத்தைக் குறிக்கும். இது முதன்முறை 18 வயது 7 மாதத்தையொட்டியும், இரண்டாம் முறை 37 வயது 2 மாதத்தையொட்டியும் நிகழ்கிறது. 20ஆம் நூற்றாண்டின் மேலை சோதிட நூல்களில் இது வாழ்க்கையின் திருப்பமாகப் பேசப்படுகிறது. தமிழ்ச் சோதிடத்தில் இதற்குத் தனிப் பலன் கூறும் வழக்கம் பெரிதாக இல்லை. இங்கு இராகு–கேது பெயர்ச்சியைப் பிறந்த இராசியிலிருந்து எண்ணிப் பார்ப்பதும், தசா புத்தி பார்ப்பதுமே வழக்கம்.

வானியல் அடிப்படை

இராகுவும் கேதுவும் ஒளியுடைய கோள்கள் அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே இவை. சூரியனின் ஈர்ப்பால் இப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து, சுமார் 6,793 நாட்களில், அதாவது 18.6 ஆண்டுகளில், ஒரு சுற்றை முடிக்கின்றன. ஒரு இராசியைக் கடக்க ஏறத்தாழ 18 மாதமும் 18 நாளும் ஆகும்.

பஞ்சாங்கங்கள் இதனை "ஒன்றரை ஆண்டு" என்று முழுமையாக்கிக் கூறுகின்றன. அதை அப்படியே பன்னிரண்டால் பெருக்கினால் 18 ஆண்டுகள் என்றும், இரு சுற்றுக்கு 36 என்றும் வரும். முப்பதுகளின் நடுவில் மீள்வருகை வரும் என்ற கருத்து இதிலிருந்தே பிறக்கிறது. உண்மையில் இரண்டாம் சுற்று அதற்கு 14 மாதங்கள் கழித்தே முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

2000 சனவரி 1 அன்று ஆவடியில் ஒரு குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். லாகிரி அயனாம்சப்படி அன்று இராகு கடகத்தில் சுமார் 11 பாகையிலும், கேது மகரத்தில் அதே பாகையிலும் நின்றன. 6,793 நாட்களைக் கூட்டினால் 2018 ஆகத்து முதல் வாரத்தில் முதல் மீள்வருகை அமைகிறது. மீண்டும் அதே நாட்களைக் கூட்டினால் 2037 மார்ச்சு நடுப்பகுதி வருகிறது. இது சராசரி இராகுவைக் கொண்ட கணக்கு. உண்மை இராகு சராசரியிலிருந்து ஒன்றரைப் பாகை வரை விலகும் என்பதால், நாள் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பின்னாகலாம். பிறப்புச் சாதகத்தை வாக்கியப் பஞ்சாங்கப்படியும் நடப்பு நிலையைத் திருக்கணிதப்படியும் எடுத்து ஒப்பிட்டாலும் இத்தகைய பிழை நேரும்.

மேலை சோதிடத்தில் முதல் மீள்வருகை பெற்றோரின் தீர்மானத்திலிருந்து விலகித் தன் வழியைத் தேர்வதையும், இரண்டாவது அவ்வழி சரிதானா என்று மறுபரிசீலனை செய்வதையும் குறிப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் எடுத்துக்காட்டிலுள்ள ஆவடிப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பது பெரும்பாலும் 2017ஆம் ஆண்டில். 2018 ஆகத்தில் அவர் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் இருப்பார், அல்லது தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழகுநராக இருப்பார். வீட்டில் உண்மையில் வாக்குவாதம் நடந்த "எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி" என்ற கேள்வி அதற்கு ஓராண்டு முன்பே தீர்ந்திருக்கும்.

மேலும், அவரோடு அதே வாரத்தில் பிறந்த எல்லோருக்கும் மீள்வருகை ஒரே சமயத்தில்தான் வருகிறது. சாதகத்துக்குச் சாதகம் மாறுவது இலக்கினத்திலிருந்து இராகு நிற்கும் வீடு மட்டுமே. ஆகவே காலத்தைப் பொறுத்தவரை இது வயதைச் சொல்வதற்கு மேல் அதிகம் சொல்வதில்லை.

குழப்பிக்கொள்ளப்படுபவை

விம்சோத்தரி முறையில் இராகு தசை 18 ஆண்டுகள். திருவாதிரை, சுவாதி, சதயம் ஆகிய நட்சத்திரங்களில் பிறந்தவர்களுக்கு அதுவே முதல் தசை. பிறக்கும்போது அதில் ஒரு பகுதி கழிந்திருக்கும் என்பதால், 18 வயதுக்கு முன்போ அதையொட்டியோ குரு தசை தொடங்கிவிடும். இது மீள்வருகை அன்று. கிரகணங்கள் மீண்டும் நிகழும் சாரோசு சுழற்சியும் வேறு. அது 18 ஆண்டு 11 நாள். அதன் முடிவில் இராகு பழைய இடத்துக்கு இன்னும் 11 பாகை எட்டாமலே இருக்கும்.

வழிபாடு

பூந்தமல்லியைச் சுற்றியுள்ள தொண்டை மண்டல நவக்கிரகத் தலங்களில், பூந்தமல்லி வைத்தியநாதர் கோயில் செவ்வாய்க்குரியது. இராகுவுக்கு உரியது குன்றத்தூர் நாகேசுவரர் கோயில், கேதுவுக்கு உரியது கெருகம்பாக்கம் நீலகண்டேசுவரர் கோயில். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தின்மேல் கொண்ட பற்றினால் ஊரிலேயே இக்கோயிலைக் கட்டினார் என்பது மரபு. அதனால் இது வடதிருநாகேசுவரம் எனப்படுகிறது. இங்கு பரிகாரத்துக்கு வருவோர் பெரும்பாலும் பெயர்ச்சியையோ தோசத்தையோ முன்னிட்டு வருகின்றனர்.