நெடும்பயணத்திற்கு முன்

கோடை விடுமுறையில் நாக்பூரிலிருந்து 44ஆம் தேசிய நெடுஞ்சாலை வழியே மதுரைக்குக் காரில் புறப்படும் குடும்பத்தாரிடம் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "டயருக்குக் காற்றை எப்போது பார்த்தீர்கள்?" என்பதாகும். ஓடிய டயர் சூடாகும். அதனுள் காற்றின் அழுத்தமும் உயரும். முழுச் சுமைக்கு உரிய அளவு 36 என்று கதவோரத்து ஒட்டுத்தாள் குறிப்பதாகக் கொள்வோம். வெகுதூரம் ஓடி வந்த டயர் 36 காட்டினால், ஆறியபின் அது ஏறத்தாழ 32 ஆகிவிடும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் அதன் பக்கச்சுவர் மிகுதியாக மடங்கி நிமிரும். மேலும் சூடேறி வெடிக்கவும் கூடும். ஆகவே காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் அளக்க வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான்.

அடுத்தது பிரேக். எஞ்சினை இயக்கி, பிரேக் மிதியை அரை நிமிடம் அழுத்தியபடி வைத்திருக்க வேண்டும். மிதி உறுதியாக நின்றால் நன்று. மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், பிரேக் ஆயில் வெளியே கசிகிறது அல்லது உள்ளே அழுத்தம் நழுவுகிறது என்று பொருள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவது மட்டும் போதாது. பிரேக் பேடு தேய்ந்தாலும் அதன் மட்டம் இறங்கும். எனவே சக்கரத்தைக் கழற்றிப் பேடின் தடிமனைப் பார்த்த பிறகே மெக்கானிக் வண்டியைத் திருப்பித் தருவார்.