கர்ப்பிணியும் வீட்டுப் பூனையும்

கர்ப்பம் உறுதியானதும் பல வீடுகளில் எழும் முதல் பேச்சு, "பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்பதுதான். பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கும் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இதே அறிவுரை கிடைக்கிறது. பூனையிடமிருந்து தொற்றக்கூடியவற்றில் இவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் படர்தாமரையும். இரண்டும் பரவும் விதம் நேர் எதிரானது. அது புரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாகும்.

முதலில் டாக்ஸோபிளாஸ்மா. எலியையோ குருவியையோ பிடித்துத் தின்னும்போதும் பச்சை இறைச்சி உண்ணும்போதும் இது பூனைக்குள் போகிறது. முதல் முறை தொற்றியதும், ஒன்று முதல் மூன்று வாரம்வரை பூனையின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத உறைமுட்டைகள் லட்சக்கணக்கில் வெளியேறும். பிறகு நின்றுவிடும். அதே பூனை மறுபடியும் அவற்றை வெளியேற்றுவது அரிது. அதனால் வேட்டையாடத் தொடங்கியிருக்கும் இளம் பூனையிடம்தான் கவனம் அதிகம் தேவை. வீட்டை விட்டு வெளியேறாமல், சமைத்த உணவையோ பாக்கெட் உணவையோ மட்டும் தின்று வளரும் பூனைக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொரு முக்கியமான செய்தி: மலத்தோடு வெளிவந்த உடனே அந்த உறைமுட்டைகளுக்குத் தொற்றும் திறன் கிடையாது. வெளியே கிடந்து முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். பூனையின் மலத்தட்டை தினமும் சுத்தம் செய்தால் அவை முதிரும் முன்பே போய்விடும். பூனையைத் தடவுவதாலும் மடியில் வைத்துக்கொள்வதாலும் இந்த நோய் வருவதில்லை என்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். நாயின் மலத்தில் இந்த உறைமுட்டைகள் உருவாவதே இல்லை.

அப்படியானால் மனிதர்களுக்கு இது எப்படி வருகிறது? ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. சரியாக வேகாத இறைச்சியே அங்கே முதன்மைக் காரணமாக இருந்தது. மண்ணைத் தொட்டது அதற்கு அடுத்த நிலையில் வந்தது. வீட்டில் பூனை இருப்பது ஒரு காரணமாகத் தெரியவில்லை. நம்மூர் அனுபவமும் உண்டு. 2004, 2005 வாக்கில் கோயம்புத்தூரில் இந்த ஒட்டுண்ணியால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்குள்ள கண் மருத்துவர்கள் 248 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சந்தேகம் விழுந்தது குடிநீரின் மேல். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் இந்த உறைமுட்டைகளைக் கொல்வதில்லை. கொதிக்கவைத்தால் அவை சாகும்.

கர்ப்பிணிக்கு ஆபத்து எப்போது? வாழ்நாளின் முதல் தொற்று கர்ப்ப காலத்தில் வரும்போதுதான். கர்ப்பத்துக்குப் பல மாதம் முன்பே தொற்று வந்து போயிருந்தால், ஆரோக்கியமான தாயின் உடலில் இருக்கும் எதிர்ப்பு குழந்தையைக் காக்கும். முதல் தொற்று கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வந்தால் அது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, ஆனால் போனால் மூளைக்கும் கண்ணுக்கும் பாதிப்பு கடுமையாகலாம். கடைசி மாதங்களில் வந்தால் போகும் வாய்ப்பு அதிகம், பாதிப்பின் கடுமை பொதுவாகக் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பத்து வாரக் கர்ப்பிணி ஒருவர் 'டார்ச்' பரிசோதனை செய்துகொள்கிறார். டாக்ஸோபிளாஸ்மாவுக்கான ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டுமே பாசிட்டிவ் என்று அறிக்கை வருகிறது. ஐஜிஎம் என்றால் புதிய தொற்று என்று யாரோ சொல்ல, குடும்பம் கலங்கிப்போகிறது. கருவைக் கலைப்பதா என்றுகூடப் பேச்சு வருகிறது. ஆனால் ஐஜிஎம் சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் இரத்தத்தில் தங்கும். தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. இந்த இடத்தில் செய்ய வேண்டியது 'அவிடிட்டி' என்ற அடுத்த பரிசோதனை. ஐஜிஜி எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது என்பதை அது அளக்கிறது. அளவு உயர்வாக இருந்தால் தொற்று வந்து குறைந்தது மூன்று, நான்கு மாதம் ஆகிவிட்டது என்று பொருள். இவருக்கு இப்போது பத்து வாரம்தான். எனவே தொற்று கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது, கவலை வேண்டாம். அளவு குறைவாக இருந்தாலும் அதை மட்டும் வைத்துப் புதிய தொற்று என்று முடிவு கட்ட முடியாது. இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். தொற்று புதிது என்று சந்தேகம் வலுத்தால் ஸ்பைராமைசின் மாத்திரை தொடங்குவார்கள். பதினெட்டு வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைச் சோதித்தால், குழந்தைக்குப் போயிருக்கிறதா என்று அறியலாம்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நிலை வேறு. பல ஆண்டுகளுக்கு முன் வந்த தொற்று மூளையிலும் தசையிலும் உறங்கிக்கிடந்து, எதிர்ப்பு விழும்போது விழித்துக்கொள்வதுதான் இவர்களுக்குப் பெரிய ஆபத்து. பூனையை வெளியேற்றுவது இதைத் தடுக்காது. எச்ஐவி உள்ளவர்களும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களும் ஐஜிஜி பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் டாக்டர் தரும் தடுப்பு மாத்திரையை விடாமல் போட வேண்டும். புதிதாகத் தலைவலி, குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் பலமிழப்பு, பார்வை மங்கல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளிமையானவை. மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். யாரும் இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்து, சோப்பால் கை கழுவுங்கள். தட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள், பிளீச்சிங் பவுடர் இதற்கு உதவாது. தோட்ட மண்ணிலும் ஆற்றுமணல் குவியலிலும் தெருப்பூனைகள் மலம் கழிக்கும். அங்கே வெறுங்கையால் வேலை செய்யாதீர்கள். கறியை உள்ளே சிவப்பு மறையும்வரை வேகவிடுங்கள். கீரையையும் பச்சையாகத் தின்னும் காய்களையும் நன்றாக அலசுங்கள். பூனைக்குக் கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள்.

படர்தாமரையில் கதை தலைகீழ். இது பூஞ்சை. இங்கே தொடுவதே வழி. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வகை. குட்டிகளின் காதிலும் முகத்திலும் காலிலும் வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரியும். பெர்சியன் போன்ற நீள்முடிப் பூனைகளில் எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். இது வயிற்றிலுள்ள குழந்தையைத் தொடாது. கர்ப்பிணிக்குத் தோலில் வந்தால் குளோட்ரிமசோல் போன்ற பூச்சுமருந்து பொதுவாகப் போதும். பூஞ்சைக்கான விழுங்கும் மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது விரைவாகவும் ஆழமாகவும் பரவக்கூடும், மாத்திரை தேவைப்படலாம். ஆனால் இட்ராகோனசோல், மாற்று உறுப்புக்காகச் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். எனவே உறுப்பு மாற்று மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பூனைக்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்து வாரக்கணக்கில் போகும். முடி வளர்ந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் பூஞ்சை திரும்பும். வளர்ப்புப் பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும்வரை அதை ஒரே அறையில் வைத்து, வேறொருவர் மருந்து போட வேண்டும். உதிர்ந்த முடியை அகற்றியபின், தண்ணீர் கலந்த பிளீச்சால் தரையைத் துடைக்கலாம். இங்கே அது பலிக்கும். அதே நேரம், இன்று நம் நாட்டில் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் பிடிவாதமாக நிற்கும் படர்தாமரையில் பெரும்பகுதி மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. வீட்டில் ஒருவருக்கு அது வந்தால் பூனையைக் குறைசொல்லும் முன், பொதுவாகப் பயன்படுத்தும் துண்டையும் உடையையும் பிரியுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுங்கள்.